கடை வாடகைக்கு 18 சதவீதம்: ஒரு செயற்குழுக் குறிப்பின் கதை

2024 அக்டோபர் 10ஆம் தேதி முதல் கடை வாடகை விஷயத்தில் ஒரு மாற்றம் வந்தது. கட்டட உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர், வாடகைக்கு இருக்கும் வணிகர் பதிவு பெற்றவர் என்றால், வாடகைக்கு உரிய 18 சதவீத வரியை வணிகரே அரசுக்குக் கட்ட வேண்டும். வரி ஆலோசகர்கள் இதை ரிவர்ஸ் சார்ஜ் என்பார்கள். செப்டம்பர் 9ஆம் தேதி டெல்லியில் நடந்த ஜி.எஸ்.டி. மன்றத்தின் 54ஆவது கூட்டம் இதைப் பரிந்துரைத்தது. அக்டோபர் 8ஆம் தேதி அறிவிக்கை வெளியானது. இரண்டே நாளில் அமலுக்கும் வந்துவிட்டது.

அந்த மாதத்திலும் அடுத்த மாதத்திலும் தமிழ்நாட்டு வர்த்தக சங்கங்களில் பேச்செல்லாம் இதுதான். மனுக்கள் போயின, ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. இவை செய்தியாயின. செய்தியாகாத ஒன்றைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஒரு சங்கத்தின் செயற்குழு கூடி, உறுப்பினர் சொன்ன குறையைக் கேட்டு, அதைத் தீர்மானமாக்கி, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுகிற அரை மணி நேரம்தான் அது. அந்தப் பக்கத்தில் என்ன எழுதப்படுகிறதோ அதுதான் கோரிக்கை மனுவாக அரசுக்குப் போகிறது. யாருடைய குறை அதில் ஏறவில்லையோ அவருக்கு நிவாரணமும் வருவதில்லை.

இங்கே விவரிக்கும் கூட்டம் எந்த ஒரு சங்கத்துடையதும் அல்ல. இத்தகைய கூட்டங்கள் நடக்கும் விதத்தை வைத்து நான் அமைத்துக்கொண்ட மாதிரி. சட்டம், தேதிகள், வரி விகிதங்கள் மட்டும் நடந்தவை நடந்தபடியே.

தென்மாவட்ட ஊர் ஒன்று. 2024 நவம்பர், மாலை ஆறரை மணி. செயற்குழுவில் 28 பேர், வந்திருப்பவர்கள் 13 பேர். பழைய வர்த்தக சங்கங்கள் பலவும் கம்பெனிகள் சட்டத்தின்கீழ் லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவானவை. செயற்குழுவே இயக்குநர் குழுவாகவும் இருக்கும் இடங்களில் எட்டுப் பேர் அல்லது மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு, இதில் எது குறைவோ அதுதான் கோரம்; இரண்டு பேருக்குக் குறையக் கூடாது. 28 பேருக்கு 7 பேர் போதும். கூட்டம் செல்லும்.

சென்ற கூட்டக் குறிப்பு படித்து ஏற்கப்பட்டது. வரவு செலவு ஏற்கப்பட்டது. புதிய உறுப்பினர் சேர்க்கை ஏற்கப்பட்டது. இவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருள், ‘உறுப்பினர் குறைகள்’. அங்கேதான் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் எழுந்தார்.

“அண்ணாச்சி, நான் காம்போசிஷன்ல இருக்கேன். வருஷத்துக்கு அறுபது லட்சம் ஏவாரம். ஒரு பர்சென்ட், அறுபதாயிரம் கட்டுறேன். மாச வாடகை இருபத்தஞ்சாயிரம். இப்ப வாடகைக்குன்னு வருஷத்துக்கு அம்பத்து நாலாயிரம் கட்டச் சொல்லுதாங்க. துணிக்குக் கட்டுற வரியும் கடைக்குக் கட்டுற வரியும் கிட்டத்தட்ட ஒண்ணாப் போச்சே!”

அவர் கணக்கு சரி. வாடகை வருடத்துக்கு 3 லட்சம், அதில் 18 சதவீதம் 54,000 ரூபாய். முன்பு மொத்தமாக 60,000 கட்டியவர் இனி 1,14,000 கட்ட வேண்டும். காம்போசிஷன் முறையில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. கட்டிய வரிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கவும் கூடாது. ஆகவே 54,000 முழுவதும் அவர் கையிலிருந்து போவது.

பக்கத்தில் இருந்த இரும்புக்கடைக்காரருக்கு மாத வாடகை 80,000. ஜவுளிக்காரரை விட மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் அவருக்கு இது அவ்வளவு பெரிய சுமை இல்லை. அவர் வழக்கமான முறையில் ரிட்டர்ன் போடுபவர். மாதம் 14,400 ரூபாயை ரொக்கமாகக் கட்டுவார், அதே மாத ரிட்டர்னிலேயே அதை வரவாக எடுத்துக்கொள்வார். பணம் கொஞ்சம் புரட்ட வேண்டும், எழுத்து வேலை கூடும், அவ்வளவுதான்.

ஒரே அறிவிக்கை, ஒரே அறை, இரண்டு வணிகர்கள். ஒருவருக்கு நட்டம், மற்றவருக்குச் சங்கடம். இந்த வித்தியாசம் குறிப்பில் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலான சங்கங்களில் கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து, அலுவலகச் செயலாளர் தன் குறிப்புச் சீட்டைப் பார்த்து இப்படி எழுதுவார்: ‘வணிகக் கட்டட வாடகை மீதான ஜி.எஸ்.டி. குறித்து உறுப்பினர்கள் கவலை தெரிவித்தனர். இவ்வரியை முழுமையாக ரத்து செய்யும்படி மத்திய, மாநில அரசுகளைக் கேட்டுக்கொள்வதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஜவுளிக்கடைக்காரர் இதில் இல்லை. அவருடைய 60 லட்சம், 25,000, 54,000 எதுவும் இல்லை. காம்போசிஷன் என்ற சொல்லே இல்லை. இதை வைத்து எழுதும் மனுவைப் படிக்கும் அதிகாரி கேட்கக்கூடிய முதல் கேள்வி, ‘வரவு எடுத்துக்கொள்ளலாமே, உங்களுக்கு என்ன நட்டம்?’ மனுவில் அதற்குப் பதில் இல்லை. அத்தோடு கோப்பு மூடப்படும்.

முழு ரத்து கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. சங்கம் கேட்கலாம், கேட்க உரிமையும் உண்டு. ஆனால் அரசு இந்த விதியைக் கொண்டுவர ஒரு காரணம் வைத்திருந்தது. சேவை வழங்குபவருக்கு ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. அதனால் கட்டட உரிமையாளர்கள் ஏராளமானோர் பதிவுக்கு வெளியே இருந்தார்கள், அவர்கள் வாங்கும் வாடகைக்கு வரி வரவில்லை. வருவாய்க் கசிவைத் தடுப்பதற்காகவே இது என்று மன்றமே அறிவித்தது. முழு ரத்து என்றால் அந்தக் கசிவை அப்படியே விடச் சொல்வதாகும். அரசு ஏற்கக் கூச்சப்படாத வேறொரு வழியைக் காட்டுவதுதான் மனு எழுதுபவரின் வேலை.

மாதிரிக் கூட்டத்தில் கௌரவச் செயலாளர் வரி ஆலோசகராகவும் தொழில் செய்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஜவுளிக்கடைக்காரரை உட்கார விடவில்லை. எவ்வளவு வியாபாரம், எவ்வளவு வாடகை, உரிமையாளர் பதிவு பெற்றவரா, ஒப்பந்தம் எழுத்தில் உண்டா என்று நான்கு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு அறையைப் பார்த்து, “காம்போசிஷன்ல இருக்கிறவங்க கை தூக்குங்க” என்றார். அவர் எழுதிய குறிப்பு இப்படி:

‘பொருள் எண் 4. காம்போசிஷன் முறையில் வரி செலுத்தும் சில்லறை வணிகர் ஒருவர், ஆண்டு விற்பனை ரூ.60 லட்சத்துக்கு ரூ.60,000 செலுத்தி வருவதையும், அறிவிக்கைக்குப் பின் ஆண்டு வாடகை ரூ.3 லட்சத்துக்குக் கூடுதலாக ரூ.54,000 செலுத்த வேண்டியிருப்பதையும், இத்தொகைக்கு வரவு எடுக்கவோ வாடிக்கையாளரிடம் பெறவோ சட்டம் இடம் தராததையும் எடுத்துரைத்தார். இதே நிலையில் உள்ள உறுப்பினர்களின் வாடகை விவரத்தை ஒரு வாரத்துக்குள் திரட்டுவதெனவும், வணிகக் கட்டட வாடகைக்கான ரிவர்ஸ் சார்ஜ் விதியிலிருந்து காம்போசிஷன் வணிகரை விலக்குமாறும், விலக்கு அளிக்கும் வரையிலான காலத்துக்கு வரி கோருவதைக் கைவிடுமாறும் மனு அளிப்பதெனவும் தீர்மானிக்கப்பட்டது.’ கீழே முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள். அதற்கும் கீழே பொறுப்பாளர், கடைசி நாள்.

இரண்டாவது குறிப்பு நீளம் அதிகம்தான். ஆனால் அதிலிருந்து மனு எழுதக் கால் மணி நேரம் போதும். யாருக்குப் பாதிப்பு, எவ்வளவு, சட்டத்தில் எது காரணம், எதை மாற்றினால் தீரும், இடைக்காலத்துக்கு என்ன வழி என்ற ஐந்தும் அதில் இருக்கின்றன. கடைசி வாக்கியத்தில் உள்ள பழைய காலம் பற்றிய கோரிக்கையைப் பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள். பின்னால் அதுதான் பெரிய பிரச்சினையாக வந்து நின்றது.

அடுத்தது, மனு யாருக்குப் போக வேண்டும் என்பது. உள்ளூர் வரி அலுவலக அதிகாரியிடம் பூங்கொத்தோடு போய் மனுக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். அந்த அதிகாரிக்கு வரி விகிதத்தையோ விலக்கையோ மாற்ற அதிகாரம் இல்லை. அந்த முடிவுகள் ஜி.எஸ்.டி. மன்றத்தின் பரிந்துரையில் இருந்து வருபவை. மன்றத்தின் தலைவர் மத்திய நிதியமைச்சர். மாநிலங்களின் அமைச்சர்கள் உறுப்பினர்கள். வாக்கெடுப்பு என்று வந்தால் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். வரி விகிதம் பற்றிய மனுக்களை மன்றத்துக்கு முன்பாக அதிகாரிகள் அடங்கிய ஃபிட்மென்ட் குழு ஆராய்கிறது.

ஆக, தமிழ்நாட்டுச் சங்கத்தின் மனு சென்னையில் நிதித் துறைக்கும் வணிகவரித் துறைக்கும் முதலில் போக வேண்டும். மன்றத்தில் நமக்காகப் பேசும் நாற்காலி அங்கேதான் இருக்கிறது. டெல்லியில் மன்றத்தின் செயலகத்துக்கு ஒரு பிரதி. உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பிரதி. அதிலும் மன்றம் கூடுவதற்குச் சில வாரங்கள் முன்பே போய்ச் சேர வேண்டும். கூட்டத்துக்கு முந்தின நாள் போகும் மின்னஞ்சலால் பயன் இல்லை.

மின்கட்டண விஷயத்தில் வாசல் வேறு. 2022இல் மின்கட்டண உயர்வு வந்தபோது முதல்வருக்கும் மின்துறை அமைச்சருக்கும் மனுக்கள் குவிந்தன. ஆனால் கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அது அந்த ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது, செப்டம்பர் 9ஆம் தேதி ஆணை பிறப்பித்தது. அந்தக் கேட்பில் எழுத்து மூலம் ஆட்சேபம் பதிவு செய்தவருக்கு ஆணையம் தன் ஆணையில் பதில் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டுக்கும் அடித்தளம் கிடைக்கும். ஆணை வந்த பிறகு அமைச்சரிடம் கொடுத்த மனுவுக்கு அந்த வலு இல்லை. செயற்குழுக் குறிப்பில் ‘அரசை வலியுறுத்துவது’ என்று எழுதுவதை விட, எந்த அமைப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

வாடகை விஷயத்துக்குத் திரும்புவோம். 2024 டிசம்பர் 21ஆம் தேதி ராஜஸ்தானின் ஜெய்சால்மரில் மன்றத்தின் 55ஆவது கூட்டம் நடந்தது. காம்போசிஷன் வணிகர்களை இந்த விதியிலிருந்து விலக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2025 ஜனவரி 16ஆம் தேதி அறிவிக்கை வந்தது. முழு ரத்து வரவில்லை. பதிவு பெற்ற மற்ற வணிகர்களுக்கு விதி அப்படியே நின்றது. இந்த மாற்றத்துக்கு எந்த ஒரு சங்கமும் தனியே உரிமை கொண்டாட முடியாது, நாடு முழுவதிலுமிருந்து குரல் எழுந்தது. ஆனால் கேட்கப்பட்ட பலவற்றில் எது கிடைத்தது என்று பார்த்தால், வரம்பு கட்டிக் கேட்டதுதான் கிடைத்தது.

இடைப்பட்ட காலம் என்ன ஆயிற்று? காம்போசிஷன் வணிகர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை CMP-08 என்ற படிவத்தில் வரி கட்டுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான படிவத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 18. விலக்கு வந்ததோ ஜனவரி 16இல், அதுவும் அன்றிலிருந்து மட்டும். அக்டோபர் 10 முதல் டிசம்பர் 31 வரைக்கான வாடகைக்கு ஜவுளிக்கடைக்காரர் சுமார் 12,000 ரூபாய் கட்ட வேண்டும். கட்டுவதா, வேண்டாமா? கட்டாவிட்டால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. கட்டிவிட்டால் திரும்ப வருமா?

பதில் ஜனவரி 28ஆம் தேதிச் சுற்றறிக்கையில் வந்தது. அக்டோபர் 10 முதல் ஜனவரி 15 வரை ‘உள்ளது உள்ளபடி’ முறைப்படுத்தப்படும் என்றது அது. கட்டாதவரிடம் கேட்க மாட்டார்கள், கட்டியவருக்குத் திருப்பித் தரவும் மாட்டார்கள் என்பதே இதன் பொருள். ஜனவரி 18க்குள் ஒழுங்காகக் கட்டியவர் 12,000 ரூபாய் இழந்தார். பொறுத்திருந்தவருக்கு இழப்பு இல்லை. சட்டத்தை மதித்தவருக்கு இப்படி ஒரு முடிவு வந்தது நியாயமே இல்லை. இதை எதிர்த்துச் சங்கங்கள் அப்போதே குரல் எழுப்பியிருக்க வேண்டும்.

மன்றத்தின் பரிந்துரைக்கும் சுற்றறிக்கைக்கும் இடைப்பட்ட அந்த வாரங்கள் செயற்குழுக்களுக்கு ஒரு சோதனை. டிசம்பர் கூட்டத்தில் ‘மன்றமே சொல்லிவிட்டது, யாரும் கட்ட வேண்டாம்’ என்று தீர்மானம் எழுதிய சங்கம், ஒருவேளை சுற்றறிக்கை வராமல் போயிருந்தால், உறுப்பினர்களை வட்டிக்கும் நோட்டீஸுக்கும் தள்ளியிருக்கும். மன்றத்தின் பரிந்துரை மட்டும் சட்டம் ஆகாது, அறிவிக்கை வந்தால்தான் சட்டம். கவனமுள்ள செயலாளர் இப்படி எழுதுவார்: ‘பரிந்துரை வெளியாகியுள்ளது, அறிவிக்கை இன்னும் வரவில்லை, படிவத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 18, கடைசி நாள் வரை காத்திருந்து, தத்தம் ஆலோசகரிடம் கேட்டு முடிவெடுக்குமாறு உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவது.’ சங்கம் எதையும் தடுக்கவுமில்லை, தூண்டவுமில்லை. தேதிகளைச் சொல்லியிருக்கிறது.

உறுப்பினர் குறை எல்லாம் அரசுக்கு எதிரானதாகவே இருக்கும் என்றும் இல்லை. 2024 தொடக்கத்தில் பல சங்கங்கள் இன்னொன்றில் திணறின. வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு, குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை வழங்குபவருக்கும் உரிய காலத்தில் பணம் தராவிட்டால், தரும் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது என்றது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். வாங்கும் உறுப்பினர்கள் இதைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். 90 நாள், 120 நாள் பணத்துக்காகக் காத்திருந்து அலுத்த சிறு உற்பத்தியாளர்கள், ‘இது நமக்கு வந்த முதல் ஆயுதம்’ என்றார்கள். இருவரும் ஒரே சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர்கள்.

இத்தகைய கூட்டத்தின் குறிப்பில் ‘ஏகமனதாக’ என்ற சொல் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். சிறு உற்பத்தியாளர் பகலில் பட்டறையை விட்டு வர மாட்டார், மாலையில் வந்தாலும் தனக்கு ஆர்டர் தரும் பெரியவரின் முன்னால் எழுந்து பேச மாட்டார். கூட்டத்தில் எழாத கை குறிப்பிலும் ஏறாது. கருத்து வேறுபாடு இருந்தது, இன்னின்ன காரணம் சொன்னார்கள், ஆகவே சங்கம் இதில் மனு அனுப்புவதில்லை என்று எழுதுவதும் ஒரு முடிவுதான். கம்பெனிகள் சட்டம் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்குக் குறிப்பு எழுதுவதில் நிறையத் தளர்வு தந்திருக்கிறது. அதைச் சாக்காக வைத்து எதிர்க் கருத்தை விழுங்கிவிடக் கூடாது.

இனி, விட்டுப்போனவர்கள். மாதிரிக் கூட்டத்தில் ஓட்டல் நடத்துபவர் ஒருவரும் இருந்தார். அவர் கை தூக்கவில்லை, ஏனென்றால் அவர் காம்போசிஷன் இல்லை. அவருடைய ஆண்டு விற்பனை அந்த முறையின் ஒன்றரைக் கோடி வரம்பைத் தாண்டியது. சாதாரண உணவகங்கள் வாடிக்கையாளரிடம் 5 சதவீதம் வாங்குகின்றன, ஆனால் உள்ளீட்டு வரி வரவு எடுக்கக் கூடாது. ஆக, ரிட்டர்ன் அளவில் அவர் வழக்கமான வணிகர், வாடகை வரி விஷயத்தில் ஜவுளிக்கடைக்காரரின் நிலைதான். மாத வாடகை 60,000 என்றால் வரி 10,800. வருடத்துக்கு 1,29,600 ரூபாய். வரவு இல்லை. ஜெய்சால்மர் முடிவில் அவருக்கு எதுவும் இல்லை.

அன்று நவம்பரில் செயலாளர், ‘காம்போசிஷன்ல இருக்கிறவங்க’ என்று கேட்காமல், ‘வாடகை வரிக்கு வரவு எடுக்க முடியாதவங்க’ என்று கேட்டிருந்தால் ஓட்டல்காரரின் கையும் எழுந்திருக்கும். தீர்மானமும் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

இப்போதும் அதைக் கேட்கலாம். ஆனால் அரசின் மறுகேள்விக்குத் தயாராகப் போக வேண்டும். ‘உரிமையாளர் பதிவு பெற்றவராக இருக்கும் ஓட்டல்கள் 2017 முதலே வாடகைக்கு 18 சதவீதம் கட்டி வருகின்றன, அவர்களுக்கும் வரவு இல்லை, பதிவு பெறாதவர் கட்டடத்தில் இருப்பவருக்கு மட்டும் ஏன் விலக்கு?’ என்று அதிகாரி கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பதில்தான் நிற்கும்: 5 சதவீத உணவகங்களுக்கு, வாடகை வரி ஒன்றுக்கு மட்டுமாவது வரவு தர வேண்டும், உரிமையாளர் பதிவு பெற்றவராயினும் பெறாதவராயினும். அப்படிக் கேட்டால் யாரும் யாருக்கும் எதிராக நிற்க வேண்டியதில்லை. அரசுக்கு வருவாய் குறையும் என்பது உண்மை. எவ்வளவு குறையும் என்று சொல்ல ஊர் ஊராக ஓட்டல்களின் வாடகைக் கணக்கு வேண்டும். அதைத் திரட்ட ஒருவரை நியமித்து, பெயரும் கடைசி நாளும் போட்டு அடுத்த செயற்குழுக் குறிப்பில் எழுதலாம்.